“அப்புறம் பார்க்கலாம்” என்றால் காத்திருப்பதா, விடுவதா?

“மளிகைக் கடைக்கு பில்லிங் மென்பொருள் விலை அனுப்பினேன். ‘தீபாவளி முடியட்டும் சார், அப்புறம் பார்க்கலாம்’னு பதில். திரும்பக் கேட்கலாமா?”

இது மறுப்பு இல்லைங்க; காரணமும் காலமும் சொல்லியிருக்கிறார். வெறும் “பார்க்கலாம்” என்றால்தான் சந்தேகம். இப்போது சரக்கிலும் போனஸிலும் பணம் முடங்கியிருக்கும், தொந்தரவு வேண்டாம். தீபாவளி கழிந்து பத்து நாளில் ஒரே கேள்வி அனுப்புங்கள்: “இப்பவே மாத்தணுமா, ஏப்ரல் 1 புதுக் கணக்கோடவா?” பில் எண் வரிசையைப் புதிதாகத் தொடங்க அந்த நாள் வசதி. ஏப்ரல் என்றால் பிப்ரவரி கடைசிவரை நிறுத்திவையுங்கள். பொருள் பட்டியல் ஏற்ற மார்ச் தேவைப்படும்.

பதிலே இல்லையென்றால் ஒரு வாரம் கழித்து, “இந்த விலை மாதக் கடைசிவரைதான், தேவைப்பட்டா கூப்பிடுங்க” என்று எழுதி மூடிவிடுங்கள். விலையை மட்டும் நீங்களாகக் குறைக்காதீர்கள், அவர் விலை அதிகம் என்று சொல்லவே இல்லையே.