வேலைக்குப் போகிறவருக்கு மூன்று படி அலேர்ட்

கேள்வி: நான் கொள்ளுப்பிட்டியில் ஒரு கம்பனியில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். ஒரு பங்கில் 2,000 வைத்திருக்கிறேன், சராசரியாக 80 ரூபாய்க்கு வாங்கியது. இப்போது 92 போகிறது. 84-க்கு இறங்கினால் விற்றுவிட வேண்டும், 100 வந்தாலும் விற்கலாம் என்று நினைக்கிறேன். மார்க்கெட் நேரம் முழுக்க நான் வேலையில். போனில் அலேர்ட் போட்டால் நாள் முழுக்க அடிக்கிறது, போடாவிட்டால் மனம் கேட்கிறதில்லை. எப்படிப் போடுவது? (வாசகி, வெள்ளவத்தை)

பதில்: உங்கள் இரண்டு விலைகளில் 100-க்கு அலேர்ட்டே தேவையில்லை. 2,000 பங்கையும் 100 ரூபாய்க்கு விற்க லிமிட் ஓடர் ஒன்றைப் போட்டு, அது அன்றோடு காலாவதியாகாமல் சில வாரங்களுக்கு நிற்கும்படி தெரிவு செய்துவிடுங்கள். விலை அங்கே வந்தால் வரிசைப்படி தானாக விற்கும். நீங்கள் கூட்டத்தில் இருந்தாலும் பரவாயில்லை. இதைவிட மலிவாக, 75 போன்ற விலையில், இன்னும் வாங்க நினைத்தாலும் இதே வழிதான்.

84 அப்படியில்லை. பலர் இங்கேதான் தவறு விடுகிறார்கள். பங்கு 92-இல் நிற்கும்போது "84-க்கு விற்க" என்று லிமிட் ஓடர் போட்டால் அது 84 வரும்வரை காத்திருக்காது. 84 அல்லது அதற்கு மேல் எந்த விலைக்கும் விற்கச் சம்மதம் என்பதுதான் அதன் அர்த்தம். ஆகவே அந்த நிமிடமே 92-க்குப் பக்கத்தில், அப்போது வாங்க நிற்பவரின் விலைக்கு, போய்விடும். கீழே இறங்கினால் மட்டும் உயிர்பெறும் ஸ்டொப் வகை ஓடர் உங்கள் தரகரின் தளத்தில் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இருந்தால் வேலை பாதி குறையும். இல்லையென்றால் கீழ்ப்பக்கத்துக்கு அலேர்ட்தான் வழி.

உங்கள் அலேர்ட் நாள் முழுக்க அடிப்பதற்குக் காரணம், அதை இன்றைய விலையிலிருந்து போட்டதாகத்தான் இருக்க வேண்டும். 92-இல் நிற்கும் பங்குக்கு 91-இல் மணி கட்டினால் சும்மா அசைவுக்கே அடிக்கும். நீங்கள் செயல்படப்போகும் விலையிலிருந்து மேல்நோக்கி எண்ணிப் போடுங்கள். எத்தனை ரூபாய் இடைவெளி விடுவது என்பதைப் பங்கே சொல்லும். கடந்த 20 வர்த்தக நாட்களின் அதிகூடிய விலையையும் அதிகுறைந்த விலையையும் எடுத்து, ஒவ்வொரு நாளின் வித்தியாசத்தையும் கூட்டி 20-ஆல் வகுங்கள். எக்செலில் ஐந்து நிமிட வேலை. உங்கள் பங்குக்கு அது 2 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இது ஒரு சாதாரண நாளின் அசைவு.

இப்போது படிகள் தாமாக விழும். கடைசிப் படி 84. அதற்கு ஒரு நாள் அசைவு மேலே 86. இன்னொரு நாள் அசைவு மேலே 88. விலை 92-இலிருந்து 88-க்கு வர வழமையான ஒரு நாள் போதாது. ஆகவே வெறும் சத்தத்துக்கு அது அடிக்காது. 86 அடித்தாலும், நாள் சாதாரணமாக இருந்தால், 84-ஐத் தொடமுன் அடுத்த நாள் காலை வரை உங்களுக்கு நேரம் கிடைக்கும். வேலைக்குப் போகிறவருக்கு அந்த நேரம்தான் வேண்டும்.

ஒவ்வொரு படிக்கும் ஒரே ஒரு வேலை, அதற்கேற்ற சத்தம். 88 சத்தமில்லாமல் மின்னஞ்சலாக வந்தால் போதும். இரவு வீட்டில் பார்த்து, கம்பனி அறிவித்தல் ஏதும் வந்திருக்கிறதா, இந்தப் பங்கு மட்டும் இறங்கியதா, முழுச் சந்தையும் இறங்கியதா என்று பாருங்கள். அன்று எதையும் விற்க வேண்டாம். 86 ஒருமுறை சத்தம் போடட்டும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஐந்து நிமிடம் ஒதுக்கி, "84 வந்தால் நிச்சயம் விற்பேனா" என்ற கேள்விக்கு விடை முடிவு செய்யுங்கள். ஆம் என்றால், தரகர் நிறுவனத்தில் உங்கள் கணக்கைப் பார்க்கும் ஆலோசகருக்கு மின்னஞ்சலில் எழுதிக் கொடுங்கள்: எந்தப் பங்கு, எத்தனை, எந்த விலையைத் தொட்டால், ஆகக் குறைந்தது எந்த விலைக்கு. அந்த அறிவுறுத்தலை ஏற்று நடத்துவாரா என்பதை இன்றே கேட்டு வையுங்கள், அன்று அல்ல. 84 மட்டும் அழைப்பு மணி போல அடிக்கட்டும். அது அடிக்கும்போது நீங்கள் யோசிக்க எதுவும் மிச்சமிருக்கக் கூடாது. ஆலோசகர் உங்கள் அறிவுறுத்தலை ஏற்காதிருந்தால், போனில் நீங்களே ஓடரைப் போட்டுவிட்டு வேலைக்குத் திரும்புங்கள். 100-க்குப் போட்ட ஓடர் அதே 2,000 பங்கைப் பிடித்து வைத்திருக்கும் என்பதால் அதை முதலில் ரத்துச் செய்ய வேண்டும். அவசரத்தில் மறக்கக்கூடிய படி இதுதான், அலேர்ட்டின் குறிப்பிலேயே எழுதி வையுங்கள்.

84 உங்களுக்கு நட்டமில்லாத விலைதான். வாங்கவும் விற்கவும் தரகுக் கட்டணமும் வரியும் சேர்த்து ஒவ்வொரு முறையும் 1.12 சதவீதம் போகிறது. 80-க்கு வாங்கியவர் 81.90-க்கு விற்றால்தான் போட்ட காசு திரும்பும். 82-ஐக் கடைசிப் படியாக வைத்திருந்தால் இலாபம் என்று பெரிதாக எதுவும் மிஞ்சியிராது.

இந்த ஏற்பாடு எல்லா நாளும் கைகொடுக்காது. கொழும்புச் சந்தை காலை 9.30 முதல் 2.30 வரைதான். மாலையில் கெட்ட செய்தி வந்தால் மறுநாள் முதல் விலையே 82 ஆக இருக்கலாம். மூன்று அலேர்ட்டும் ஒன்றாக அடிக்கும். 84-க்கு விற்க வாங்குபவர் அங்கே இருக்கமாட்டார். அப்படித் திறந்தால் கிடைத்த விலைக்கு விற்பதா, அன்றைய நாள் முடியும்வரை பார்ப்பதா என்பதை இப்போதே தீர்மானித்து எழுதுங்கள். மின்னஞ்சலில் "ஆகக் குறைந்தது" என்ற எண்ணை எழுதச் சொன்னது இதற்காகத்தான்.

கைமாறல் குறைந்த பங்கென்றால் இன்னொரு பொய் மணி உண்டு. அலேர்ட் கடைசியாகக் கைமாறிய விலையைப் பார்த்துத்தான் அடிக்கிறது. யாரோ ஒருவர் பத்துப் பங்கை 86-க்கு விற்றாலே போதும். அடித்ததும் விலையை மட்டும் பார்க்காமல், அந்த விலையில் எத்தனை பங்கு போனது என்று பாருங்கள். பத்து என்றால் விடுங்கள், ஆயிரக்கணக்கில் போகிறது என்றால் கவனியுங்கள்.

போட்டவுடன் ஒரு சோதனை செய்யுங்கள். சந்தை திறந்திருக்கும்போது விலைக்கு 10 சதம் தள்ளி ஒரு தற்காலிக அலேர்ட் போட்டு, போனை மேசையில் வைத்துவிடுங்கள். விலை தொட்டும் மணி வரவில்லை என்றால் போனின் பேட்டரி சேமிப்பு அந்தச் செயலியைத் தூங்க வைத்திருக்கக்கூடும். அதற்கு மட்டும் விலக்குக் கொடுங்கள். ஒருமுறை அடித்த அலேர்ட் தானாக அணைந்துவிடும் செயலிகளும் உண்டு. 86 அடித்து, விலை 90-க்கு ஏறி, மறுபடி இறங்கும்போது மௌனமாக இருந்தால் காரணம் அதுதான். அடித்த அன்று இரவே திரும்பப் போட வேண்டும்.

பங்கிலாபம் அறிவித்தால் மூன்று எண்ணும் மாற வேண்டும். 3 ரூபாய் பங்கிலாபத்துக்கு, அதைப் பெறும் உரிமை இல்லாமல் பங்கு கைமாறத் தொடங்கும் நாளில் விலை ஏறக்குறைய அவ்வளவு இறங்கித் திறக்கும். அது உங்கள் நட்டமில்லை, காசாகக் கைக்கு வருகிறது. அதற்கு முந்தின நாள் மாலையே 88, 86, 84 என்பதை 85, 83, 81 ஆக்குங்கள். பங்குப் பிரிப்பு என்றால் இன்னும் பெரிய மாற்றம்: ஒன்று பத்தாகப் பிரிந்தால் 92 ரூபாய் 9.20 ஆகும், மூன்று அலேர்ட்டும் காலையிலேயே கத்தும். அறிவித்தலில் வந்த திகதிக்கு முந்தின நாள் மாலை, சந்தை மூடியபின் பழையதை அழித்து, 8.80, 8.60, 8.40 என்று போட்டு, எண்ணிக்கையை 20,000 ஆக மாற்றி, ஆலோசகருக்கும் புதிய எண்களை அனுப்புங்கள்.