நொதியின் வேகம் ஏன் குறைந்தது? அதைத்தான் தேர்வு கேட்கிறது

கேள்வி: ப்ளஸ் ஒன் படிக்கிறேன், நீட்டுக்கும் தயாராகிறேன். நொதிப் பாடத்தில் வெப்பநிலை, pH, தடுப்பான் எல்லாம் படிக்கும்போது புரிகிறது. ஆனால் சோதனைக்குழாயையோ வரைபடத்தையோ கொடுத்துக் கேட்டால் குழம்பிவிடுகிறேன். Km, Vmax இரண்டில் எது மாறும் என்பது ஒவ்வொரு முறையும் தப்பாகிறது. எப்படி யோசிப்பது?

பதில்: வேகம் குறைந்தது என்று கேள்வியில் வந்ததும் ஒன்றை மட்டும் பாருங்கள். நொதி சும்மா மந்தமாகிவிட்டதா, உருக்குலைந்துவிட்டதா, இல்லை அதன் இடத்தை வேறொன்று பிடித்துக்கொண்டதா? பழைய நிலைமையைத் திருப்பிக் கொடுத்தால் வேகம் திரும்புமா என்பது இதைப் பொறுத்தது.

உமிழ்நீர் அமைலேஸையே எடுத்துக்கொள்வோம். ஒரு குழாயை ஐஸில் வைக்கிறீர்கள், இன்னொன்றைக் கொதிக்கவைக்கிறீர்கள், பிறகு இரண்டிலும் மாவுச்சத்து சேர்க்கிறீர்கள். கொஞ்ச நேரம் கழித்து அயோடின் விட்டால் இரண்டுமே நீலம்தான், அதாவது மாவுச்சத்து அப்படியே இருக்கிறது. கேள்வி அடுத்த வரியில்தான் வரும்: இதேபோல அயோடின் விடாமல் புதிதாகத் தயாரித்த இரண்டு குழாய்களையும் 37°C-க்குக் கொண்டுவந்து காத்திருந்தால்? ஐஸில் இருந்தது வேலையைத் தொடங்கிவிடும், ஏனென்றால் குளிரில் மூலக்கூறுகள் மெதுவாக நகர்ந்து மோதல் குறைந்ததே தவிர நொதியின் வடிவம் கெடவில்லை. கொதித்தது திரும்பாது. அவித்த முட்டையை ஃபிரிட்ஜில் வைத்தால் பச்சை முட்டையாகுமா, அதே கதைதான். "குளிரில் நொதி அழிகிறது" என்று எழுதி மதிப்பெண் இழப்பவர்கள் ஏராளம்.

செய்முறைத் தேர்வில் இங்கே ஒரு பொறி உண்டு. கொதித்த குழாய் சூடாக இருக்கும்போதே அயோடின் விட்டால் நீலம் வராது, ஏனென்றால் மாவுச்சத்து-அயோடின் நிறம் சூட்டில் மறைந்துவிடும், ஆறினால் திரும்பும். அதைப் பார்த்து மாவுச்சத்து செரித்துவிட்டது என்று முடிவெழுதினால் முழுத் தலைகீழ். நல்ல காரத்தில் வைத்த குழாயிலும் இப்படித்தான், அங்கே காரமே அயோடினோடு வினைபுரிந்து நிறத்தைத் தின்றுவிடும்.

pH விஷயம் சுருக்கம். நொதியின் செயல் மையத்தில் உள்ள அமினோ அமிலங்களின் மின்சுமை pH மாறினால் மாறும், அப்போது தளப்பொருள் சரியாக ஒட்டாது. கொஞ்சம் விலகினால் பெரும்பாலும் திரும்ப வந்துவிடும், ரொம்ப விலகினால் வடிவமே போய்விடும். பெப்சினுக்கு 2 வாக்கில், உமிழ்நீர் அமைலேஸுக்கு 6.8 வாக்கில், டிரிப்சினுக்கு 8 வாக்கில் என்று மூன்றை நினைவில் வைத்தால் பெரும்பாலான கேள்விகளுக்குப் போதும்.

சரி, தடுப்பானுக்கு வருவோம், நீங்கள் தடுமாறுவது இங்கேதான். சக்சினேட் டீஹைட்ரஜனேஸ், சக்சினேட்டின் நடுவில் அடுத்தடுத்து உள்ள இரண்டு கார்பன்களிலிருந்து ஆளுக்கொரு ஹைட்ரஜனை எடுக்கும். மேலோனேட் பார்க்க அதேபோல இருக்கும், இரு முனையிலும் அதே கார்பாக்சில் தொகுதிகள், ஆனால் நடுவில் ஒரே ஒரு கார்பன். அதனால் செயல் மையத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும், வினை மட்டும் நடக்காது. பஸ்ஸில் சீட்டுக்குத் துண்டு போட்ட மாதிரி. ஆனால் இந்தத் துண்டு அடிக்கடி எழுந்து போகும், சக்சினேட் கூட்டம் அதிகமானால் சீட்டு பெரும்பாலும் அதற்கே கிடைக்கும்.

இதைக் கணக்காகப் போட்டுப் பாருங்கள். v என்பது வேகம், [S] என்பது தளப்பொருளின் செறிவு, Vmax என்பது நொதி நெருங்கக்கூடிய உச்ச வேகம், Km என்பது அந்த உச்சத்தில் பாதி வேகம் கிடைக்கும் [S]. (எண்கள் நான் வசதிக்கு எடுத்தவை.) தடுப்பான் இல்லாதபோது Vmax 100, Km 2 மில்லிமோலார்.

```
v = Vmax × [S] / (Km + [S])
```

[S] = 2 என்றால் வேகம் 50. மேலோனேட் சேர்த்ததில் Km இரண்டு மடங்காகி 4 ஆனது என்று வைத்துக்கொள்வோம், அப்போது 200/6, சுமார் 33. இப்போது [S]-ஐ 40 ஆக்குங்கள்: தடுப்பான் இல்லாமல் சுமார் 95, இருந்தால் சுமார் 91. இடைவெளி கிட்டத்தட்ட மூடிவிட்டது. ஆகவே போட்டித் தடுப்பானில் Km ஏறும், Vmax மாறாது.

போட்டியில்லாத் தடுப்பான் வேறு இடத்தில் ஒட்டி, செயல் மையத்துக்குத் தளப்பொருள் வந்தாலும் வேலை நடக்காமல் செய்யும். பாதி நொதி இப்படி முடங்கினால் Vmax 50. [S] = 2-ல் வேகம் 25, [S] = 40-ல் சுமார் 48. எவ்வளவு சக்சினேட் கொட்டினாலும் 50-ஐத் தாண்டாது. முடங்காத மீதி நொதி பழையபடியே தளப்பொருளைப் பிடிப்பதால் Km அதே 2.

அதனால் வரைபடம் வந்தால் இடது பக்கத்தைப் பார்த்து நேரத்தை வீணாக்காதீர்கள், அங்கே இரண்டு தடுப்பானும் கோட்டைக் கீழேதான் இழுக்கும். வலது ஓரத்துக்குப் போங்கள்: கோடுகள் ஒரே உயரத்தை நெருங்கினால் போட்டித் தடுப்பான். ஒன்று கீழேயே தட்டையாகிவிட்டால், அதன் பாதி உயரத்துக்கு நேர் கீழே [S] எவ்வளவு என்று பாருங்கள், பழைய Km-ஏ வந்தால் போட்டியில்லாதது.