ஃபாஸ்ட் லோக்கல் எங்கே நிற்கும், எங்கே நிற்காது?

"மகனுக்கு மும்பையில் வேலை கிடைச்சிருக்கு. ஆபீஸ் சயான் ஸ்டேஷன் பக்கம், ரூம் விட்டல்வாடியில். ரெண்டுமே சின்ன ஸ்டேஷன், ஃபாஸ்ட் லோக்கல் நிற்காது, ஸ்லோ மட்டும்தான்னு ஒருத்தர் சொல்றார். விட்டல்வாடியில் எல்லாமே நிற்கும்னு இன்னொருத்தர் சொல்றார். போர்டைப் பார்த்து எப்படிக் கண்டுபிடிக்கிறது? அவனைக் கொண்டுபோய் விடுறதுக்கு நானும் போறேன்." – ஒரு வாசகர், திருமங்கலம்

இரண்டாவது ஆள் சொன்னதுதான் சரி. ஆனால் சயானைப் பொறுத்தவரை முதல் ஆள் சொன்னதும் சரி.

நம்ம ஊர்ப் பழக்கத்தில் பார்த்தால் இது குழப்பமாகத்தான் இருக்கும். சமயநல்லூரில் பாசஞ்சர் நிற்கும், எக்ஸ்பிரஸ் நிற்காமல் போய்விடும். பெரிய ஊர் என்றால் இரண்டும் நிற்கும். அதனால் ஸ்டேஷன் எவ்வளவு பெரிசு என்று பார்த்தே முடிவு பண்ணிப் பழகிவிட்டோம். மும்பை மத்திய ரயில்வே லோக்கலில் அந்தக் கணக்கு உதவாது. அங்கே பார்க்கவேண்டியது, ஸ்டேஷன் கல்யாணுக்கு முன்னால் இருக்கிறதா, தாண்டி இருக்கிறதா என்பதைத்தான்.

மும்பையில் லோக்கல் புறப்படுகிற முனையமான சி.எஸ்.எம்.டி.யிலிருந்து கல்யாண் வரை சுமார் 54 கிலோமீட்டர். அந்தத் தூரம் முழுக்க ஸ்லோவுக்கு ஒரு ஜோடித் தண்டவாளம், ஃபாஸ்டுக்கு ஒரு ஜோடி. ஸ்லோ எல்லா ஸ்டேஷனிலும் நிற்கும். ஃபாஸ்ட் தாதர், காட்கோபர், தாணே, டோம்பிவிலி, கல்யாண் மாதிரி இடங்களில் மட்டும் நிற்கும். பைக்குலா, குர்லா, முலுண்ட் போன்றவை வண்டிக்கு வண்டி மாறும். கல்யாணைத் தாண்டினால் லோக்கலுக்கென்று தனி வேகப்பாதை கிடையாது. பாதை அங்கே இரண்டாகப் பிரிகிறது: ஒன்று கர்ஜத் பக்கம், இன்னொன்று கசாரா பக்கம். ஃபாஸ்ட் என்று புறப்பட்ட வண்டியும் அதற்குமேல் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் நின்றுதான் போகும்.

விட்டல்வாடி கர்ஜத் கிளையில், கல்யாணுக்கு அடுத்த ஸ்டேஷன். அதனால் அந்தக் கிளையில் போகிற ஃபாஸ்ட், ஸ்லோ எல்லாமே அங்கே நிற்கும். கல்யாணுக்கு ஒரு ஸ்டேஷன் முன்னால் டாகுர்லி இருக்கிறது. அங்கே ரூம் எடுத்திருந்தால் கதையே வேறு: ஃபாஸ்டில் வந்தால் டோம்பிவிலியில் இறங்கி ஸ்லோ பிடிக்கவேண்டும்.

ஆக, விட்டல்வாடிக்குப் போகிறவர் முதலில் பார்க்கவேண்டியது வண்டி எந்தக் கிளைக்குப் போகிறது என்பதைத்தான். பிளாட்பார இண்டிகேட்டரில் போகுமிடத்துக்கு ஒரு குறியீடு இருக்கும். A என்றால் அம்பர்நாத், BL பத்லாபூர், S கர்ஜத், KP கோபோலி. இந்த நாலும் விட்டல்வாடி வழியாகப் போகும். TL டிட்வாலா, AN ஆசன்காவ், N கசாரா. இவை மற்ற கிளை. K என்றால் கல்யாணோடு சரி.

புதிதாகப் போகிற பலரும் தடுமாறுவது S-இல்தான். கர்ஜத்துக்கும் S, ஸ்லோவுக்கும் S. இரண்டு எழுத்தும் சேர்ந்து வரும்போது போகுமிடம் எது, வேகம் எது என்று பிரித்துப் பார்க்கவேண்டும். S F என்றால் கர்ஜத் ஃபாஸ்ட். தம்பிக்கு அருமையான வண்டி. அதை ஸ்லோ என்று நினைத்து டாகுர்லிக்காரர் ஏறினால் டோம்பிவிலிக்கு அப்புறம் நேரே கல்யாணில்தான் இறங்கமுடியும். கூட வரும் 12, 15 என்ற எண் பெட்டிகளின் எண்ணிக்கை, அதைப் பிளாட்பார நம்பர் என்று நினைத்துவிடக் கூடாது.

அறிவிப்பில் மராத்தியில் 'ஜலத்' என்றால் ஃபாஸ்ட், 'தீமி' என்றால் ஸ்லோ. இந்தியில் 'நஹி ருகேகி' என்று முடிந்தால், அதற்கு முன் சொன்ன ஸ்டேஷன்களில் நிற்காது என்று அர்த்தம். நிற்கிற பட்டியல் என்று நினைத்து ஏறிவிடுகிறவர்கள் உண்டு.

இனி சயான். மராத்தியில் அதன் பெயர் 'ஷீவ்', போர்டிலும் அறிவிப்பிலும் அப்படித்தான் வரும். இது கல்யாணுக்கு முன்னால், தாதருக்கும் குர்லாவுக்கும் நடுவில் இருக்கிறது. சாதாரணமாக ஃபாஸ்ட் இங்கே நிற்காது. அதனால் தம்பி காலையில் விட்டல்வாடியில் சி.எஸ்.எம்.டி. போகும் ஃபாஸ்ட் ஏறி, காட்கோபரில் இறங்கி, பாலம் ஏறி ஸ்லோ பிளாட்பாரத்துக்குப் போகட்டும். அங்கிருந்து வித்யாவிஹார், குர்லா, மூன்றாவது சயான். குர்லாவில் மாறினால் ஒரே ஸ்டேஷன்தானே என்று தோன்றும். ஆனால் எல்லா ஃபாஸ்டும் குர்லாவில் நிற்கும் என்று நம்பக்கூடாது. காட்கோபரில் அந்தக் கவலை இல்லை. சாயங்காலம் இதையே திருப்பிச் செய்யலாம்: சயானில் ஸ்லோ, காட்கோபரில் A, BL, S, KP ஏதாவது ஒரு ஃபாஸ்ட்.

பத்லாபூர், அம்பர்நாத்திலிருந்து வரும் ஸ்லோவும் உண்டு. அதில் ஏறினால் மாறாமலே சயானில் இறங்கலாம், நேரம் மட்டும் கூடும். சி.எஸ்.எம்.டி. – கல்யாண் முழுத் தூரத்துக்கே ஸ்லோவுக்கும் ஃபாஸ்டுக்கும் இருபது நிமிஷம் போல வித்தியாசம். காட்கோபரில் பாலம் ஏறி இறங்கி நிற்கிற நேரத்தையும் கழித்துப் பார்த்தால், உட்கார இடம் கிடைக்கிற ஸ்லோவை நான் குறை சொல்லமாட்டேன்.

தம்பி போனில் m-Indicator போட்டுக்கொள்ளட்டும், மும்பையில் பலரும் வைத்திருப்பது அதுதான். தேடும்போது கல்யாண் என்று போடாமல் Vithalwadi என்றே போடவேண்டும். கல்யாண் என்று போட்டால் கசாரா பக்கம் போகிற வண்டியும், கல்யாணோடு நிற்கிற வண்டியும் சேர்ந்து வந்துவிடும். பிடித்த வண்டியைத் தொட்டால் அது நிற்கும் ஸ்டேஷன்கள் வரிசையாக வரும். ஏறும் இடம், இறங்கும் இடம் இரண்டும் அதில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டால் F, S கவலையே வேண்டாம்.

இந்தக் கணக்கெல்லாம் ஞாயிற்றுக்கிழமை புரளும். 'மெகா பிளாக்' என்று பகலில் சில மணி நேரம் பாதையைப் பராமரிப்புக்கு எடுத்துக்கொள்வார்கள். உதாரணமாக ஸ்லோ பாதையில் மாட்டுங்கா – முலுண்ட் நடுவே வேலை நடந்தால், ஸ்லோ வண்டிகளை ஃபாஸ்ட் பாதைக்குத் திருப்புவார்கள். அப்போது சயானில் நிற்கும். வித்யாவிஹார், காஞ்சூர்மார்க், நாஹூரில் நிற்காது. ஸ்லோ என்று போட்டிருந்தாலும் அப்படித்தான். எந்த வாரம் எந்தப் பகுதி என்பதை முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள்.

நீங்கள் கொண்டுபோய் விடுகிற நாளுக்கு ஒன்று. மதுரை வழியாகப் போகும் நாகர்கோவில் – மும்பை ரயிலில் போனால் கல்யாணிலேயே இறங்கிவிடுங்கள். மூட்டை முடிச்சோடு மும்பைக்குள்ளே போய்த் திரும்பி வர அவசியமில்லை. அங்கே விட்டல்வாடிக்கு டிக்கெட் எடுத்து, கர்ஜத் பக்கம் போகும் எந்த லோக்கலிலும் ஏறலாம். அடுத்த ஸ்டேஷன்தான், வண்டி கிளம்பியதுமே வாசலுக்கு வந்துவிடுங்கள். ஷஹாட் என்று போர்டு தெரிந்தால் கசாரா கிளைக்குப் போய்விட்டீர்கள். அங்கேயே இறங்கி எதிர்த் திசை வண்டியில் கல்யாண் திரும்பினால் போதும்.