ஏற்றிய ரத்தமும் அழிந்துபோகுமா? பி.என்.எச். பற்றி ஓர் அக்காவின் கேள்வி

கேள்வி: என் தம்பிக்கு வயது 31. ஆறு மாதமாகக் காலையில் சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போகிறது. ஹீமோகுளோபின் 6.9-க்கு இறங்கியதால் மூன்று யூனிட் ரத்தம் ஏற்றினார்கள். பத்து நாள் கழித்து எடுத்த பரிசோதனையில் "பி.என்.எச்., சிவப்பணுவில் 9%" என்று வந்திருக்கிறது. "உடம்பே ரத்தத்தை அழிக்கிற நோய் இது, ஏற்றுகிற ரத்தமும் வீண்தான்" என்கிறார் ஒருவர். "9% தானே, லேசானதுதான்" என்கிறார் இன்னொருவர். மறுபடி ரத்தம் ஏற்றலாமா? அவன் குழந்தைக்கும் இது வருமா?

பதில்: இரண்டு பேர் சொல்வதையும் விட்டுவிடுங்கள். பி.என்.எச். என்பது பராக்சிஸ்மல் நாக்டர்னல் ஹீமோகுளோபினூரியா, சிவப்பணுக்கள் ரத்தக்குழாய்க்குள்ளேயே வெடிக்கும் நோய். தேவைப்பட்டால் ரத்தம் ஏற்றலாம். ஏற்றிய அணுக்களை இந்த நோய் அழிக்காது. அந்த 9% என்ற எண்ணை மட்டும் வைத்து நோய் லேசா கடுமையா என்று யாராலும் சொல்லவும் முடியாது. ஏன் என்று புரிய, ரத்தத்துக்குள் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

ரத்தத்தின் நீர்ப்பகுதியில் காம்ப்ளிமென்ட் என்ற புரதக் கூட்டம் எல்லோருக்கும் உண்டு. கிருமிகளைக் கொல்வது அதன் வேலை. ஆனால் கிருமி வரட்டும் என்று அது காத்திருப்பதில்லை. அதில் சி3 என்ற புரதம் நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகத் தானாகவே விழித்துக்கொண்டு, பக்கத்தில் எந்த அணு இருந்தாலும் அதன்மேல் போய் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய இடத்தில் ஒரு நொதி உருவாகி மேலும் மேலும் சி3-ஐ அங்கே சேர்க்கும். அடுத்ததாக சி5 வெட்டுப்படும். கடைசியில் சி9 புரதங்கள் வளையமாகச் சேர்ந்து அணுவின் மேல்தோலில் துளை போடும். துளை வழியே தண்ணீர் புகுந்து அணு உப்பி வெடிக்கும்.

சரி, அப்படியானால் நம் எல்லோருடைய சிவப்பணுக்களும் ஏன் வெடிப்பதில்லை? அவற்றின் மேல்தோலில் இரண்டு காவல் புரதங்கள் இருக்கின்றன. சி.டி.55 என்பது சி3-ஐச் சேர்க்கும் அந்த நொதியைக் கலைத்துவிடும். அதையும் தாண்டி வேலை நடந்தால், சி.டி.59 என்பது சி9 வளையமாகச் சேர விடாமல் கடைசி நேரத்தில் தடுக்கும். இரண்டும் ஜி.பி.ஐ. என்ற கொழுப்புக் கொக்கியில்தான், ஆணியில் சட்டை தொங்குவதுபோல, தொங்குகின்றன. உங்கள் தம்பியின் எலும்பு மஜ்ஜையில் ஒரு தாய்ச்செல்லில் பிக்-ஏ என்ற மரபணு கெட்டுப்போயிருக்கிறது. அந்தக் கொக்கியைச் செய்யும் முதல் படிக்குத் தேவையான மரபணு அது. கொக்கியே இல்லாததால் இரண்டு காவலும் ஒரே அடியாகப் போய்விட்டன. அந்தத் தாய்ச்செல்லின் வாரிசாக வரும் சிவப்பணுக்கள் எல்லாம் காவல் இல்லாமல்தான் பிறக்கின்றன.

இதிலேயே உங்கள் கேள்விகளுக்குப் பதில் இருக்கிறது. தம்பியின் காம்ப்ளிமென்ட்டில் ஒரு கோளாறும் இல்லை. உங்களுக்கும் எனக்கும் இருப்பதுதான் அவருக்கும். குறை அவருடைய அணுக்களின் மேல்தோலில். ரத்தம் கொடுத்தவரின் அணுக்கள் அவருடைய மஜ்ஜையில் கொக்கியோடும் காவலோடும் உருவானவை. அவை தம்பியின் உடம்புக்குள் வந்தாலும் காவல் கூடவே வரும். குரூப்பும் கிராஸ் மேட்சும் வழக்கம்போலச் சரியாக இருந்தால் போதும். குழந்தையைப் பற்றியும் பயம் வேண்டாம். இந்த மரபணுக் கோளாறு பிறந்தபின் மஜ்ஜையில் மட்டும் வந்தது, விந்தணுவில் இல்லை.

இப்போது அந்த 9%. எனக்கு எரிச்சல் வருவதே இந்த இடத்தில்தான், ஏனென்றால் இப்படிப்பட்ட ரிப்போர்ட்டை மாதாமாதம் பார்க்கிறேன். ஒரு தோராயக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ரத்தம் ஏற்றுவதற்கு முன் தம்பியின் 6.9 கிராமில் 30 சதவீதம் காவல் இல்லாத அணுக்கள் என்று வைத்துக்கொள்வோம். அது சுமார் 2.1 கிராம். ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய ஒரு கிராம் ஏறும், மூன்று யூனிட்டில் மொத்தம் 9.9 ஆகும். அதே 2.1 கிராம் இப்போது 21 சதவீதமாகத் தெரியும். அடுத்த பத்து நாளில் காவல் இல்லாதவை வெடித்துக்கொண்டே இருக்க, ஏற்றிய அணுக்கள் நிற்கும். மொத்தம் 8.9-க்கு வந்து, அதில் காவல் இல்லாதது 0.8 கிராம் என்றால், ரிப்போர்ட்டில் 9% என்று வரும். நோய் குறையவே இல்லை, பார்த்தீர்களா? நோயுள்ள அணுக்கள் செத்துப்போனதாலும், நல்ல அணுக்களை நாமே ஊற்றியதாலும் எண் சிறுத்துவிட்டது. சில சமயம் கடுமையாக அழிகிறவர்களுக்குத்தான் சிவப்பணு எண் மிகச் சின்னதாக வரும்.

அதனால் பார்க்க வேண்டியது வெள்ளணு எண். கிரானுலோசைட் என்ற வெள்ளணுக்களும் அதே தாய்ச்செல்லிலிருந்துதான் வருகின்றன, அவற்றிலும் கொக்கி இருக்காது. ஆனால் அவை சிவப்பணுபோல வெடித்துக் காணாமல் போவதில்லை. ரத்தம் ஏற்றியதால் அந்த எண் மாறுவதும் இல்லை. மஜ்ஜையில் எவ்வளவு பங்கை நோய் பிடித்திருக்கிறது என்பதை உண்மையாகச் சொல்வது அதுதான். தம்பியின் ரிப்போர்ட்டை எடுத்து, ஃப்ளோ சைட்டோமெட்ரி என்ற தலைப்பின் கீழ் கொக்கியில் ஒட்டும் சாயமான ஃப்ளேர் என்ற சொல்லும், கிரானுலோசைட், மோனோசைட் என்ற இரண்டு வெள்ளணு வகைகளுக்கும் தனித்தனி சதவீதமும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அது பாதிப் பரிசோதனை. சிவப்பணு 9%, கிரானுலோசைட் 80% என்று வந்தால் கதையே வேறு.

இந்த விதிக்கும் ஒரு விலக்கு உண்டு. பி.என்.எச். பலருக்கு ஏபிளாஸ்டிக் அனீமியாவோடு, அதாவது மஜ்ஜை வறண்டுபோகும் நோயோடு, சேர்ந்து வரும். அப்படிப்பட்டவருக்கு வெள்ளணுக்களே மிகக் குறைவாக இருக்கும். எண்ணுவதற்குப் போதுமான கிரானுலோசைட் கிடைக்காமல், இருக்கிற கொஞ்சத்தை வைத்து ஒரு சதவீதத்தை அச்சிட்டுவிடுவார்கள். அந்த எண்ணை நம்பக் கூடாது. மோனோசைட் எண்ணும் அதற்கு ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும், இரண்டும் முரண்பட்டால் மறுபடி எடுக்க வேண்டும். தம்பியின் வெள்ளணு மொத்த எண்ணிக்கையும் தட்டணுவும் எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை. அவை குறைவாக இருந்தால் இதை மறக்காதீர்கள். இன்னொரு விஷயம், மாதிரி புதிதாக இருக்க வேண்டும். எடுத்து 48 மணி நேரத்துக்குள் வெள்ளணுவைச் சோதித்தாக வேண்டும். வாரம் முழுக்க ரத்தக் குழாய்களைச் சேர்த்து வைத்து மொத்தமாக அனுப்பும் கலெக்‌ஷன் சென்டர்கள் இருக்கின்றன. "எந்த நாளில் சோதிப்பீர்கள், எப்போது ஆய்வகத்துக்குப் போய்ச் சேரும்" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறினால் நேராகச் சோதிக்கும் ஆய்வகத்துக்கே போங்கள்.

ஆறு மாதம் ஏன் ஓடியது என்பதும் எனக்குத் தெரியும். சிறுநீர்ப் பட்டையில் "ரத்தம் மூன்று பிளஸ்" என்று வந்திருக்கும், மைக்ரோஸ்கோப்பில் சிவப்பணு ஒன்றுகூடத் தெரிந்திருக்காது. உடனே கல்லா கட்டியா என்று ஸ்கேன், சிறுநீர்ப்பைக்குள் குழாய் என்று சுற்ற விட்டிருப்பார்கள். அணு இல்லாமல் பட்டை மட்டும் நிறம் மாறினால், வந்திருப்பது வெடித்த அணுவின் ஹீமோகுளோபின். ரத்தத்தைச் சுழற்றி மேலே நிற்கும் நீரைப் பார்த்தாலே இளஞ்சிவப்பாகத் தெரியும், அணு வெடித்தால் வெளியே கொட்டும் எல்.டி.எச். நொதி மேலே ஏறியிருக்கும், வெளியேறிய ஹீமோகுளோபினைப் பிடிக்கும் ஹாப்டோகுளோபின் இருக்காது. அணு அழிகிறது, அணுவின்மேல் எதிர்ப்பொருள் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கும் கூம்ப்ஸ் பரிசோதனையோ நெகட்டிவ் என்றால் பி.என்.எச். நினைவுக்கு வர வேண்டும். இதை யோசிக்க யாருக்கும் நேரமில்லை. கூம்ப்ஸ் நெகட்டிவ் என்று தெரிந்தும் மாதக்கணக்கில் ஸ்டீராய்டு கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். இங்கே எதிர்ப்பொருள் தாக்கவில்லை, காவல்தான் இல்லை.

அழிவை நிறுத்த மருந்து உண்டு. சி5 வெட்டுப்படாமல் தடுக்கும் எக்குலிசுமாப் 2007-இல் அனுமதி பெற்றது. இதே வேலையை எட்டு வாரத்துக்கு ஒரு முறை போட்டால் செய்யும் ரவுலிசுமாப், வேறு இடத்தில் தடுக்கும் இப்டகோபான் மாத்திரை என்று இப்போது பல வந்துவிட்டன. இவற்றைச் சுற்றித்தான் தரகர்கள் திரிகிறார்கள். "ஒரு மாதக் கோர்ஸ், நான்கு ஊசி, தீர்ந்தது" என்று சொல்லி மருந்துக் குப்பி விற்பவனை வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். எக்குலிசுமாப் முதல் நான்கு வாரம் வாரம் ஒன்று, அடுத்த வாரம் அளவு கூடி, பிறகு இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று தொடர்ந்து போக வேண்டிய மருந்து. மரபணுக் கோளாறு அப்படியேதான் இருக்கும், மருந்து துளை போடுவதை மட்டும் தடுக்கும். மருந்து ஓடும்போது காவல் இல்லாத அணுக்கள் சாகாமல் சேர்ந்துகொண்டே போகும். நடுவில் நிறுத்தினால் சேர்ந்தது எல்லாம் ஒன்றாக வெடிக்கும், அது முன்பைவிட மோசம். தொடர்ந்து கிடைக்கும் வழி உறுதியாகும் முன் ஆரம்பிக்கவே கூடாது. குளிர்பெட்டியில் 2 முதல் 8 டிகிரிக்குள் இருந்ததற்குக் கணக்குக் காட்ட முடியாத குப்பியும் வேண்டாம்.

சி5-ஐத் தடுத்தால், மூளைக்காய்ச்சலை உண்டாக்கும் மெனிங்கோகாக்கஸ் கிருமிக்கு எதிரான பாதுகாப்பு போய்விடும். அதனால் முதல் ஊசிக்கு இரண்டு வாரம் முன்பே தடுப்பூசி போட்டாக வேண்டும். போட்ட பிறகும் காய்ச்சல் வந்தால் "வைரல்தான்" என்று வீட்டில் படுக்க வைக்காமல் அன்றைக்கே மருத்துவமனை.

மருந்து கிடைக்கும்வரை நான் அதிகம் பயப்படுவது ரத்தக் குறைவுக்கு அல்ல, ரத்தக் கட்டிக்கு. வெடித்த அணுக்களிலிருந்து கொட்டும் ஹீமோகுளோபின் ரத்தக்குழாயைத் தளர்த்தும் நைட்ரிக் ஆக்சைடை உறிஞ்சிவிடும். தட்டணுக்களிலும் காவல் இல்லாததால் அவையும் தூண்டப்படும். கிரானுலோசைட் எண் 50 சதவீதத்தைத் தாண்டினால் இந்த ஆபத்து நன்றாகக் கூடுகிறது. கட்டி கால் சிரையில் மட்டும் வருவதில்லை. கல்லீரலிலிருந்து ரத்தம் வெளியேறும் சிரையிலும் மூளைச் சிரையிலும் வரும். தம்பிக்கு வயிறு வலித்து உப்பினாலோ, விடாத தலைவலி வந்தாலோ வாயு என்று மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள். "பி.என்.எச். இருக்கிறது, கல்லீரல் சிரைக்கு டாப்ளர் ஸ்கேன் எடுங்கள்" என்று அவசரப் பிரிவில் வாய்விட்டுச் சொல்லுங்கள். தலைவலி என்றால் மூளைச் சிரைக்கான ஸ்கேன் கேளுங்கள்.