5⁰ ஏன் 1? 2⁻³ என்றால் என்ன?

"5³ என்றால் 5-ஐ மூன்று தடவை எழுதிப் பெருக்குவது என்று மகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். 'அப்படியென்றால் 5⁰-இல் பெருக்க ஒன்றுமே இல்லை, விடை 0 தானே?' என்கிறாள். புத்தகத்தில் 1 என்று இருக்கிறது. அடுத்த பக்கத்தில் 2⁻³ வேறு. மைனஸ் மூன்று தடவை எப்படிப் பெருக்குவது? இதை எப்படிப் புரியவைப்பது?"

உங்கள் மகளின் சந்தேகம் நியாயமானது. 'இத்தனை தடவை எழுதிப் பெருக்கு' என்ற விளக்கம் 1, 2, 3 போன்ற அடுக்குகளுக்குத்தான் செல்லும். 0 தடவைக்கும் மைனஸ் மூன்று தடவைக்கும் அதை இழுத்துப் பார்த்தால் குழப்பம்தான் மிஞ்சும். அதனால் அந்த விளக்கத்தைக் கொஞ்ச நேரம் ஒதுக்கிவிட்டு, அடுக்குகள் ஒன்றோடொன்று சேரும்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள்.

5² × 5³ என்பதை விரித்து எழுதச் சொல்லுங்கள். முதலில் இரண்டு ஐந்து, அப்புறம் மூன்று ஐந்து, ஆக மொத்தம் ஐந்து ஐந்துகள்: 5⁵. அடிமானம் ஒன்றாக இருந்தால், பெருக்கும்போது அடுக்குகளைக் கூட்டினால் போதும். இந்த ஒரு விதியைத்தான் நாம் காப்பாற்றப் போகிறோம்.

5⁰-க்கும் இதே விதி செல்ல வேண்டும் என்றால், 5³ × 5⁰ = 5³⁺⁰ = 5³. அதாவது 125-ஐ 5⁰-ஆல் பெருக்கினாலும் 125-தான் வர வேண்டும். எந்த எண்ணால் பெருக்கினால் 125 அப்படியே இருக்கும்? 1 ஒன்றுதான். 5⁰-ஐ 0 என்று வைத்தால் இடப்பக்கம் 0, வலப்பக்கம் 125. விதி அங்கேயே உடைந்துவிடும். ஆக, 1 என்பது யாரோ நினைத்த மாதிரி வைத்த மதிப்பு இல்லை. விதி வேண்டும் என்றால் வேறு எந்த எண்ணையும் அங்கே வைக்க முடியாது.

சரி, 0 என்று ஏன் தோன்றுகிறது? கூட்டல் பழக்கம்தான் காரணம். எதையும் கூட்டாமல் இருந்தால் 0-வில் நிற்போம், ஏனென்றால் கூட்டல் தொடங்கும் இடம் 0. பெருக்கல் தொடங்கும் இடம் 1. 5³-ஐ 1 × 5 × 5 × 5 என்று எழுதிக் காட்டி, ஒவ்வொரு ஐந்தாக அழித்துக்கொண்டே வரச் சொல்லுங்கள். கடைசி ஐந்தும் போன பிறகு அந்த 1 மட்டும் நிற்கும்.

மைனஸ் அடுக்குக்கும் அதே விதி போதும். 2³ × 2⁻³ = 2⁰ = 1. இங்கே 2³ என்பது 8. எட்டை எதனால் பெருக்கினால் 1 கிடைக்கும்? 1/8-ஆல். எனவே 2⁻³ = 1/8, அதாவது 2³-இன் தலைகீழி. மைனஸ் குறி 'வகுத்துக்கொள்' என்கிறது. விடையை மைனஸ் எண் ஆக்குவதில்லை. 2⁻³ = −8 என்று எழுதுவது மாணவர்கள் அடிக்கடி செய்யும் தப்பு.

இது வெறும் குறியீட்டு விளையாட்டு இல்லை என்று காட்ட ஒரு கணக்கு. மணிக்கு ஒரு தடவை இரட்டிப்பாகும் நுண்ணுயிர்கள் இப்போது 400 இருக்கின்றன. t மணி நேரம் கழித்து 400 × 2ᵗ இருக்கும். மூன்று மணி நேரம் கழித்து 400 × 8 = 3200. t = 0 என்றால் இந்த நொடி; 400-தான் இருக்க வேண்டும், அதற்கு 2⁰ ஒன்றாக இருந்தே ஆக வேண்டும். t = −3 என்றால் மூன்று மணி நேரத்துக்கு முன்: 400 × 1/8 = 50. சரிபார்ப்பதும் சுலபம்: 50, 100, 200, 400. மூன்று இரட்டிப்புகளில் இன்றைய எண்ணிக்கை வந்துவிட்டது.

பயிற்சி செய்யும்போது, அடுக்கு எதன் மேல் உட்கார்ந்திருக்கிறது என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். (−5)⁰ என்றால் 1. ஆனால் −5⁰ என்றால் −1, ஏனென்றால் அங்கே அடுக்கு 5-க்கு மட்டும்தான். அதேபோல 4x⁻¹ என்பது 4/x. நான்கு கீழே இறங்காது. பின்னமாக இருந்தால் தலைகீழாகத் திருப்பினால் போதும்: (2/3)⁻² = (3/2)² = 9/4. மைனஸ் அடுக்கு என்றாலே விடை 1-ஐ விடச் சின்னதாக இருக்கும் என்று நினைப்பவர்கள் இங்கே தடுமாறுவார்கள்.

பூச்சியத்தை மட்டும் இந்த வழியில் பிடிக்க முடியாது. 0³ × 0⁰ = 0³ என்று எழுதினால், 0⁰-க்கு எந்த எண்ணை வைத்தாலும் சமன்பாடு பொருந்தும்; விதி எந்த மதிப்பையும் தேர்ந்தெடுத்துத் தருவதில்லை. 0⁻¹ இன்னும் மோசம், அது 1/0. அதனால்தான் புத்தகம் 'பூச்சியம் அல்லாத எண்' என்று ஒரு நிபந்தனை போடுகிறது. கணிதத்தின் சில பிரிவுகளில் வசதிக்காக 0⁰-ஐ 1 என்றே எடுத்துக்கொள்வார்கள். உங்கள் மகள் கால்குலேட்டரில் அதைப் போட்டுப் பார்த்தால் சிலவற்றில் 1 வரும், சிலவற்றில் பிழை என்று காட்டும். இரண்டுக்கும் காரணம் இதுதான்.