ஆறு பேர் சென்னையிலிருந்து ஊட்டி போகலாம் என்று இருக்கிறோம். ஒருவன் ரிசார்ட்தான் வேண்டும் என்கிறான், இன்னொருவனுக்குச் செலவு இடிக்கிறது. எங்கெல்லாம் போவது என்பதிலும் இழுபறி. யார் மனமும் கோணாமல் எப்படி முடிவு செய்வது?

முதலில் வாட்ஸ்அப் குரூப்பில் வாக்கெடுப்பு வைப்பதை நிறுத்துங்கள். பணம் பற்றிய பேச்சுக்கு அது சரியான இடமில்லை. கையில் பணம் குறைவாக இருப்பவர் ஐந்து பேர் பார்க்க அதைச் சொல்லமாட்டார். "எனக்கு எதுவானாலும் ஓகேடா" என்பார், அப்புறம் குரூப்பில் அமைதியாகிவிடுவார். கிளம்பும் வாரத்தில் "லீவு கிடைக்கலை" என்று செய்தி வரும். பெரும்பாலும் பிரச்சினை லீவு இல்லை.

அதனால் உங்களில் எல்லோருக்கும் நெருக்கமான ஒருவர் தனித்தனியாகப் போன் செய்து கேட்கட்டும். "பட்ஜெட் எவ்வளவு?" என்று கேட்டால் கௌரவத்துக்கு ஒரு தொகை வரும். "மச்சான், எவ்வளவு வரை போனா உனக்கு அடுத்த மாசம் இடிக்காது?" என்று கேட்டால் உண்மை வரும். வந்த தொகைகளில் மிகக் குறைந்ததுதான் பொதுத் திட்டத்தின் எல்லை. அது யார் சொன்னது என்பது கேட்டவரோடு நின்றுவிட வேண்டும்.

அந்தத் தொகை 6,000 என்று வைத்துக்கொண்டு இரண்டு இரவு, மூன்று பகலுக்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். மேட்டுப்பாளையம் வரை ஸ்லீப்பரில் போக வர 800. ஆறு பேருக்கு ஒரு வண்டி மூன்று நாளைக்கு 12,000 என்றால் தலைக்கு 2,000. மூன்று பேர் தங்கும் அறை இரண்டு, ஓர் இரவுக்கு அறை 1,800 வீதம், தலைக்கு 1,200. சாப்பாடு 1,200, நுழைவுக் கட்டணங்களுக்கு 300. மொத்தம் 5,500. மீதி 500 அவசரத்துக்கு. சீசனில் அறை வாடகையும் வண்டி வாடகையும் ஏறிவிடும், அதனால் தேதி முடிவானதும் இந்த இரண்டையும் விசாரித்துக் கணக்கைத் திருத்துங்கள்.

கணக்கை இப்படிப் பிரித்து வைத்தால், ஒருவர் கடைசியில் விலகினால் என்ன ஆகும் என்பதும் தெரியும். வண்டிப் பங்கு மட்டுமே 2,000-லிருந்து 2,400 ஆகிவிடும். "புக் செய்த பிறகு விலகினால் வண்டிப் பங்கும் அறைப் பங்கும் திரும்பாது" என்று முன்பணம் வாங்கும்போதே பேசிக்கொள்ளுங்கள். பின்னால் சொன்னால் அது குற்றச்சாட்டு மாதிரி இருக்கும்.

ரிசார்ட் கேட்பவரின் ஆசையையும் ஒதுக்க வேண்டாம். ஒரே விடுதியில் சாதாரண அறையும் நல்ல காட்சி தெரியும் அறையும் இருக்கிற இடமாகத் தேடுங்கள். நல்ல அறை வேண்டுபவர்கள் வித்தியாசத்தை மட்டும் தாங்களே கட்டட்டும். தனித்தனி விடுதி எடுத்தால் இரவில் ஒன்றாக உட்கார்ந்து பேசுவது போய்விடும், அதற்குத்தானே எல்லோரும் போகிறோம்? வசதியுள்ளவர் உதவ நினைத்தால் "உன் பங்கை நான் தருகிறேன்" என்று ஒருவரைச் சுட்டாமல், "மூன்று நாள் டீ, டிபன் என் செலவு" என்று எல்லோருக்குமாக ஏற்கலாம். மது பொதுக் கணக்கில் வரவே கூடாது. குடிக்காதவர் அதைக் கேட்கக் கூச்சப்படுவார், மனதில் மட்டும் வைத்துக்கொள்வார்.

இடங்களுக்கு வருவோம். ஆளுக்கு ஓர் இடம் மட்டும் சொல்லட்டும்: "இதைப் பார்க்காமல் திரும்பினால் எனக்கு வருத்தமாக இருக்கும்" என்ற ஒன்று. அவற்றை வரைபடத்தில் குறித்தாலே பாதி வாதம் அடங்கிவிடும். பைக்காரா கூடலூர் சாலையில் இருக்கிறது, குன்னூர் அதற்கு எதிர்த்திசையில். சிம்ஸ் பூங்கா, டால்பின் நோஸ் எல்லாம் குன்னூர் நாளில் சேரும், பைக்காராவை அதே நாளில் திணித்தால் பொழுது வண்டியிலேயே கழியும். கூட்ட நாளில் மலைச்சாலையில் கிலோமீட்டர் கணக்கு உதவாது. ஒரு நாளைக்கு ஒரு திசை என்று வைத்தால், விடுபட்ட இடத்துக்கு யாரும் யாரையும் குறை சொல்ல மாட்டார்கள்.

மலை ரயிலில் ஏறியே ஆக வேண்டும் என்று இரண்டு பேர் சொன்னால், மற்ற நால்வரை இழுக்கவும் வேண்டாம், ஆசைப்படும் இருவரைத் தடுக்கவும் வேண்டாம். காலையில் மேட்டுப்பாளையத்தில் இறங்கியதும் அந்த இருவரும் ரயிலேறட்டும், டிக்கெட் அவர்கள் சொந்தச் செலவு. ரயில் 46 கிலோமீட்டர் ஏற ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும். வண்டியில் போகிறவர்கள் கோத்தகிரி வழியாக நின்று நின்று போய், மதியச் சாப்பாட்டுக்கு ஊட்டியில் சேர்ந்துகொள்ளலாம். அந்த டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும், முன்பதிவு திறந்ததுமே எடுத்துவிடுங்கள். வண்டிக்கு இ-பாஸ் வேண்டுமா என்று epass.tnega.org தளத்தில் பார்த்து, அதை எடுக்கும் பொறுப்பை ஒருவர் பெயரில் எழுதிவிடுங்கள். இல்லையென்றால் சோதனைச் சாவடியில் "நீ எடுக்கலையா?" என்று ஆரம்பிக்கும்.

இரண்டாம் நாள் மதியத்துக்கு மேல் எதையும் போடாதீர்கள். தூங்குபவர் தூங்கட்டும், நடப்பவர் தாவரவியல் பூங்காவுக்குப் போகட்டும். அன்றைக்கு இரவுச் சாப்பாடு மட்டும் எல்லோரும் ஒன்றாக. பொதுப் பணத்தை வைத்திருப்பவர் சாப்பிட்டு முடித்ததும் அன்றைய செலவைக் குரூப்பில் போட்டுவிடட்டும். ஊர் திரும்பிய பிறகு மொத்தமாகக் கணக்கு கேட்பதும் சொல்வதும் இருவருக்குமே சங்கடம்.