படம் வெளியே போகாமல் ஒரு கார்ட்டூன்

அன்புள்ள ஐயா,

நீடாமங்கலம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் சனிக்கிழமை மாலைகளில் பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லிக்கொடுக்கிறேன். ஒன்பது வயது முதல் பன்னிரண்டு வயது வரை உள்ளவர்கள். தங்கள் புகைப்படத்தையே கார்ட்டூனாக மாற்றிப் பார்க்க வேண்டும் என்று கொஞ்ச நாளாக ஒரே ஆசை. வீட்டில் அண்ணன், அக்காமாரின் கைப்பேசியில் அப்படி ஒரு செயலியைப் பார்த்திருக்கிறார்கள். பெற்றோரில் சிலர், “பிள்ளையின் படம் எங்கேயாவது போய்விட்டால் என்ன செய்வது?” என்று தயங்குகிறார்கள். என்னிடம் ஒரு டேப்லெட்டும் சில பழைய கைப்பேசிகளும் இருக்கின்றன. எந்தச் செயலியை நம்பலாம்? எப்படிச் சொல்லிக்கொடுக்கலாம்?

ஒரு வாசகி

அன்புள்ள ஆசிரியைக்கு,

பெற்றோரின் தயக்கம் நியாயமானது. கார்ட்டூன் செயலிகள் பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் உள்ளே இரண்டு வகையாக வேலை செய்கின்றன. ஒருவகைச் செயலி, படத்தைக் கைப்பேசிக்குள்ளேயே வைத்துக்கொண்டு நிறங்களைச் சில பட்டைகளாகக் குறைத்து, ஓரங்களில் கறுப்புக் கோடு இழுத்துத் தருகிறது. மற்றொரு வகை, படத்தை இணையம் வழியாகத் தன் நிறுவனத்தின் சர்வருக்கு அனுப்பி, அங்கே புதிதாக வரையப்பட்ட முகத்தைத் திருப்பிக் கொண்டுவருகிறது. இந்த இரண்டாவது வகையில் பிள்ளையின் முகம் நம் கையை விட்டுப் போய்விடுகிறது. செயலியைக் கைப்பேசியிலிருந்து நீக்கினாலும் சர்வரில் போய்ச் சேர்ந்த படம் அதனால் அழிந்துவிடாது.

எந்த வகை என்று கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. செயலியை நிறுவிய பிறகு விமானப் பயன்முறையைப் போட்டு, வைஃபையும் அணைந்திருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டு, ஒரு பூசணிக்காயையோ செம்பையோ படம் எடுத்து மாற்றச் சொல்லுங்கள். இணையம் இல்லை என்று செயலி முரண்டு பிடித்தால் அது சர்வரை நம்பியிருக்கும் செயலி. அதை வகுப்புக்குக் கொண்டுவர வேண்டாம். இணையமில்லாமலேயே மாற்றிக் கொடுத்தால் மாற்றும் வேலை கைப்பேசிக்குள் நடக்கிறது என்று பொருள். ஆனால் இந்தச் சோதனைக்கும் ஒரு எல்லை உண்டு: இணையம் திரும்பி வந்தபின் செயலி எதையும் அனுப்பாது என்பதற்கு இது உத்தரவாதம் ஆகாது. ஆகவே பிளே ஸ்டோரில் அந்தச் செயலியின் பக்கத்தில் Data safety என்ற பகுதியையும் திறந்து, புகைப்படங்களைச் சேகரிப்பதாகச் சொல்லியிருக்கிறார்களா என்று பாருங்கள். அது செயலியை உருவாக்கியவர்களே எழுதித் தருவது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டும்.

இவ்வளவு சொன்னபிறகும், தொடக்கத்தில் தானே மாற்றித் தரும் செயலி எதையும் தராமல், பிள்ளைகள் தங்கள் படத்தின்மேல் தாங்களே கோடு இழுத்து வரையும் முறையைச் சொல்லிக்கொடுங்கள் என்பதே என் கருத்து. உங்கள் டேப்லெட் ஆண்ட்ராய்டு என்றால் Krita என்ற இலவச வரைசெயலி அதற்குப் போதும். இணையமில்லாமலே இயங்கும். சிறிய கைப்பேசித் திரையில் அது நெருக்கடியாக இருக்கும். அங்கே கண்ணாடித் தாள்போல ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி வரையும் லேயர் வசதியுள்ள ஏதாவது ஒரு எளிய வரைசெயலியைத் தேர்ந்து, மேலே சொன்ன சோதனையில் தேறுகிறதா என்று பார்த்துவிட்டுக் கொடுக்கலாம்.

என் தங்கை மகளுக்கு வயது பத்து. மாட்டுப் பொங்கலன்று அவள் கன்றுக்குட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வாசலில் நிற்கும் படத்தைத்தான் கார்ட்டூனாக்க வேண்டும் என்று சொன்னாள். செயலியைத் திறப்பதற்கு முன் அந்தப் படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கி, ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை மெதுவாக நகர்த்தி, “இதைப் பார்க்கும் முகம் தெரியாத ஒருவருக்கு உன்னைப் பற்றி என்னென்ன தெரியும்?” என்று கேட்டேன். கதவின் மேல் ஒட்டியிருந்த வீட்டு எண்ணை அவளே கண்டுபிடித்தாள். பக்கத்தில் நின்ற அப்பாவின் வண்டி நம்பர், திண்ணைத் தூணில் தொங்கிய புத்தகப் பையில் அச்சடித்திருந்த பள்ளியின் பெயர் என்று அடுத்தடுத்து விரல் வைத்துக் காட்டினாள். இந்தத் தேடலைப் பிள்ளைகள் விளையாட்டாகவே எடுத்துக்கொள்கிறார்கள். உங்கள் முதல் வகுப்பு முழுவதையும் இதற்கே ஒதுக்கினாலும் தகும். தேடி முடித்தபின் அவள் படத்தைத் தன்னையும் கன்றையும் மட்டும் விட்டு நெருக்கமாக வெட்டினாள்.

கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாத ஒன்றும் படத்துக்குள் இருக்கிறது. கேமராவில் இருப்பிடப் பதிவு இயங்கிக்கொண்டிருந்தால், எடுத்த நாள், நேரம், கைப்பேசி மாடல் ஆகியவற்றோடு அந்த வாசலின் அட்சரேகை, தீர்க்கரேகையும் படக்கோப்பிலேயே எழுதப்பட்டிருக்கும். கேலரியில் படத்தின் விவரங்களைத் திறந்தால் பெரும்பாலும் ஒரு வரைபடமாக அது தெரியும். படத்தை வெட்டினால் வீட்டு எண் மறையும். ஆனால் இந்த இடக்குறிப்பு அப்படியே தங்கிவிடக்கூடும். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பும்போது இடக்குறிப்பு நீங்கிவிடுகிறது. அதே படத்தை டாக்குமெண்ட்டாக அனுப்பினால் குறிப்பும் கூடவே போகிறது. பிள்ளைகளுக்கு இவ்வளவு விளக்கம் வேண்டியதில்லை. வெட்டிய படத்தைத் திரையில் நிறுத்தி ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, அந்த ஸ்க்ரீன்ஷாட்டில்தான் வரைய வேண்டும் என்ற பழக்கத்தை உண்டாக்கிவிட்டால் போதும். மூலப் படத்தின் இடக்குறிப்பு ஸ்க்ரீன்ஷாட்டுக்கு வருவதில்லை.

செயலி புகைப்படங்களைப் பார்க்க அனுமதி கேட்கும்போது, எல்லாப் படங்களுக்கும் சேர்த்து அனுமதி தந்துவிடாதீர்கள். ஆண்ட்ராய்டு 14 முதல் தேர்ந்தெடுத்த படங்களை மட்டும் காட்டும் வசதி இருக்கிறது. ஐபோனில் அது ஐஓஎஸ் 14 முதலே உண்டு. உங்களிடம் இருப்பவை பழைய கைப்பேசிகள் என்பதால் இந்த வசதி இல்லாமல் போகலாம். அப்படியானால் அவற்றில் குடும்பப் படங்கள் எதுவும் இல்லாதபடி துடைத்துவிட்டு, வரைவதற்கு மட்டும் என்று தனியே வைத்துக்கொள்ளுங்கள்.

இனி வரைதல். ஸ்க்ரீன்ஷாட்டை அடி லேயரில் வைத்து, அதன் அடர்த்தியை நாற்பது விழுக்காடு அளவுக்குக் குறைத்தால் படம் மங்கலாகத் தெரியும். அதன்மேல் ஒரு வெற்று லேயரைச் சேர்த்து, முகத்தின் வெளிக்கோடு, இமை, மூக்கின் நுனி, உதடு சேருமிடம், சடை என்று அவசியமான கோடுகளை மட்டும் இழுக்கச் சொல்ல வேண்டும். பிள்ளைகள் பல்லை ஒவ்வொன்றாக வரைவார்கள், மூக்கின் இரு பக்கத்துக்கும் கோடு போடுவார்கள். முகம் உடனே கிழடு தட்டிப்போகும். பற்களை ஒரே வெள்ளைப் பட்டையாகவும் மூக்கை ஒரு சிறு வளைவாகவும் விட்டுவிட்டால் மறுபடி பிள்ளை முகம் வந்துவிடும். கண்ணைச் சற்றுப் பெரிதாக்கிக்கொள்ளலாம். விரலால் இழுக்கும் கோடு நடுங்கினால், Krita தூரிகையில் Stabilizer என்ற அமைப்பைப் போடுங்கள். கோடு விரலுக்குச் சற்றுப் பின்னால் வந்தாலும் சீராக வரும்.

வரைவதற்கான படத்தை எப்போது எடுக்கிறோம் என்பதையும் கவனியுங்கள். நம் பக்கத்து உச்சி வெயிலில் எடுத்த படத்தில் கண்குழியும் மூக்கின் அடியும் இருண்டு, எது கோடு எது நிழல் என்று பிள்ளைக்குத் தெரியாமல் போகும். தானே மாற்றும் செயலிகளுக்கும் இதே குழப்பம்தான். அந்த நிழலை அவை மீசை போன்ற கறுப்புத் திட்டாக மாற்றிவிடுகின்றன. முற்றமுள்ள வீட்டில் தாழ்வாரத்தில் முற்றத்தைப் பார்த்து உட்காரவைத்து எடுத்தால் வெளிச்சம் மெதுவாக விழும்.

நிறம் தீட்டும் கட்டத்தைத்தான் நான் மிகவும் முக்கியமாக நினைக்கிறேன். தானே வரைந்து தரும் செயலிகளில் பல, நம் பிள்ளைகளின் முகத்தை வெளுப்பாக்கி, மூக்கைச் சிறிதாக்கி, தாடையைக் கூராக்கித் தருகின்றன. பத்து வயதுப் பிள்ளை அதைப் பார்த்து, அழகான தன் முகம் அதுதான் என்று நம்பத் தொடங்குவதை எனக்குப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. கையால் வரையும்போது, மங்கலாக்கிய அடி லேயரின் அடர்த்தியை மறுபடி நூறு விழுக்காடாக்கிவிட்டு, நிறத்தைத் தொட்டெடுக்கும் கருவியைப் புகைப்படத்தின் கன்னத்தில் வைத்து அவளுடைய நிறத்தையே எடுத்துக்கொள்ளலாம். அதைவிடச் சற்று அடர்ந்த ஒன்றை நிழலுக்கும், சற்று வெளிறிய ஒன்றை நெற்றிக்கும் என மூன்றே நிறத்தில் முகம் முடிந்துவிடும். என் தங்கை மகள் தன் கன்னத்திலிருந்து எடுத்த பழுப்பு நிறத்தைத் திரையில் பார்த்துவிட்டு, “இது கன்னுக்குட்டி காதோட நிறம்” என்றாள். அந்த ஒரே நிறத்தைத் தன் முகத்துக்கும் அதன் காதுக்கும் பூசினாள்.

முடித்தபின் அடி லேயரை மறைப்பதோடு நிற்காமல் அழித்துவிட வேண்டும். லேயரின் பக்கத்தில் உள்ள கண் குறியை அணைத்தால் புகைப்படம் திரையில் மறையுமே தவிர, செயலியின் சொந்தக் கோப்பில் அப்படியே இருக்கும். அந்தக் கோப்பை யாருக்காவது அனுப்பினால் அவர் ஒரு தொடுதலில் மூலப் படத்தைத் திறந்துவிடலாம். அதனால் புகைப்பட லேயரை நீக்கிவிட்டு, PNG ஆக ஏற்றுமதி செய்து, அதை மட்டும் பெற்றோருக்கு அனுப்புங்கள்.

கார்ட்டூன் என்பதாலேயே ஆள் அடையாளம் மறைந்துவிடுவதில்லை. தெரிந்தவர்கள் பார்த்தவுடனே கண்டுபிடித்துவிடுவார்கள். எனவே பின்னணியில் பள்ளிச் சின்னமோ ஊர்ப் பெயர்ப்பலகையோ வரைய வேண்டாம் என்று சொல்லுங்கள். கன்றுக்குப் பின்னால் என் தங்கை மகள் தன் வாசலை விட்டுவிட்டு வாழைமரங்களை வரைந்தாள். தன் படத்தை மட்டுமே வரையலாம், தோழியின் படம் என்றால் தோழியையும் அவள் வீட்டையும் கேட்க வேண்டும் என்பதையும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். கேலிச் சித்திரமாக மாறிப் பிள்ளைகளுக்குள் மனக்கசப்பு வருவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

பெற்றோரின் ஒப்புதலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாதவர்களைக் குழந்தைகள் என்றே கொள்கிறது. அவர்களுடைய தரவைக் கையாள ஒப்புதல் தரவேண்டியவர் பெற்றோரோ சட்டப்படியான பாதுகாவலரோதான். ஒரு செயலி பிள்ளையின் பெயரில் கணக்குத் தொடங்கச் சொல்லி, ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்ற பொத்தானைக் காட்டினால், ஆசிரியை என்ற முறையில் நீங்கள் அதை அழுத்தக் கூடாது. கணக்கே கேட்காத செயலியாகப் பார்த்து எடுத்தால் இந்தச் சிக்கல் எழாது.

ஒவ்வொரு சனிக்கிழமையும் வகுப்பு முடிந்ததும் ஸ்க்ரீன்ஷாட், மூலப் படம், செயலியின் கோப்பு ஆகிய மூன்றையும் பிள்ளைகளையே அழிக்கச் சொல்லுங்கள். கேலரியில் அழித்த படம் பெரும்பாலான கைப்பேசிகளில் சில வாரங்கள் குப்பைத்தொட்டியில் இருக்கும் என்பதால் அதையும் திறந்து காலி செய்ய வேண்டும். கைப்பேசியில் கூகுள் போட்டோஸ் தானியங்கிக் காப்பு இயங்குகிறதா என்று வகுப்புத் தொடங்குவதற்கு முன்பே பார்த்து நிறுத்திவையுங்கள். அது இயங்கிக்கொண்டிருந்தால், வரைசெயலியை நாம் எவ்வளவு கவனமாகத் தேர்ந்தாலும் இணையம் கிடைத்தவுடன் படம் மேலே போய்விடும்.